கொடைநிதியின் மீதி: பயன்பாட்டுக் கூற்றை எழுதும் முறை

ஒரு தொண்டு நிறுவனம் உங்கள் சங்கத்துக்குப் பணம் தந்தது. அந்தப் பணத்தில் விதை வாங்கினீர்கள், கிணறு இறைத்தீர்கள், வேலி அடைத்தீர்கள். வேலை முடிந்த கையோடு ஒரு கடிதம் வருகிறது. "நிதிப் பயன்பாட்டுக் கூற்றை முப்பது நாட்களுக்குள் அனுப்பிவைக்கவும். செலவழியாத மீதி இருப்பின் அதனைத் திருப்பிச் செலுத்தவும்" என்று அதில் எழுதியிருக்கிறது. பொருளாளர் கடிதத்தைப் பார்க்கிறார். பிறகு பில்கள் கட்டி வைத்திருக்கும் பையைப் பார்க்கிறார். எங்கே தொடங்குவது?

இந்தப் பாடத்தில் அந்தக் கூற்றை எழுதும் முறையைப் படிப்படியாகப் பார்ப்போம். அதிலும், திருப்பிக் கொடுக்கவேண்டிய மீதி எவ்வளவு என்பதைப் பிழையில்லாமல் காண்பது எப்படி என்பதையே முக்கியமாகப் பார்ப்போம். பெரும்பாலான சங்கங்கள் இடறுவது அந்த இடத்தில்தான்.

கூற்றில் உள்ள மூன்று தொகைகள்

பயன்பாட்டுக் கூற்றில் மூன்று தொகைகள் உண்டு. பெற்றது எவ்வளவு, செலவிட்டது எவ்வளவு, மிஞ்சியது எவ்வளவு என்பனவே அவை. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மூன்றாவது வரும். பார்ப்பதற்கு இது சின்னக் கணக்குத்தான்.

ஆனால் மூன்றாவது தொகை கடதாசியில் மட்டும் இருந்தால் போதாது. கூற்றில் மீதி 60,000 ரூபா என்று எழுதினால், அந்த 60,000 ரூபாவும் வங்கியிலோ, காசுப் பெட்டியிலோ, கணக்குக் கொடுக்க வேண்டிய ஓர் ஆளிடமோ இருந்தாக வேண்டும். இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் கூற்றில் எங்கேயோ பிழை இருக்கிறது.

இனி, "செலவு" என்ற சொல்லுக்கும் ஒரு வரையறை வேண்டும். பணம் கொடுபட்டிருக்க வேண்டும். அதற்குரிய பொருளோ வேலையோ வந்து சேர்ந்திருக்க வேண்டும். அதற்கு அத்தாட்சி கையில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால்தான் அது செலவு. இதை மனதில் வைத்துக்கொண்டு எடுத்துக்காட்டுக்குப் போவோம்.

ஓர் எடுத்துக்காட்டு

இடம்பெயர்ந்து பல வருடங்களின் பின் சொந்தக் காணிக்குத் திரும்பிய 30 குடும்பங்கள் சேர்ந்த ஒரு கமக்காரர் சங்கத்தை விளக்கத்துக்காக எடுத்துக்கொள்வோம். இங்கே வரும் விலைகளும் எடுத்துக்காட்டுக்கானவையே.

இந்தச் சங்கத்துக்கு 850,000 ரூபா கொடைநிதி கிடைத்தது. காலம் 2024 யூலை 1 முதல் டிசெம்பர் 31 வரை. ஒப்பந்தத்தில் ஐந்து செலவுத் தலைப்புகள் இருந்தன.

1. விதைக் கச்சான், 600 கிலோ: 360,000
2. கிணறு இறைத்துத் துப்புரவாக்கல், 6 கிணறுகள்: 210,000
3. வேலிக்கு முட்கம்பி, 20 சுருள்: 180,000
4. பயிற்சி வகுப்பு: 60,000
5. நிருவாகச் செலவு: 40,000
மொத்தம்: 850,000

பணம் இரண்டு தவணையாக வந்தது. யூலையில் 510,000, செப்டெம்பரில் 340,000. இந்த நிதிக்கென்றே சங்கம் நடைமுறைக் கணக்கு ஒன்றைத் திறந்திருந்தது. மழை பிந்தியதால் விதை வாங்குவதும் பிந்தியது. அதனால் இரண்டாம் தவணைப் பணத்தை இரண்டு மாதம் சேமிப்புக் கணக்கில் போட்டுவைத்து, பின்பு நடைமுறைக் கணக்குக்கு மாற்றினார்கள். அதற்கு 2,800 ரூபா வட்டி வந்தது.

வேலைகள் நடந்த விதம் இது. விதைக் கச்சான் கிலோ 600 ரூபாவாகும் என்று கணக்கிட்டிருந்தார்கள். மூன்று கடைகளில் விலை கேட்டு 570 ரூபாவுக்கு வாங்கினார்கள். ஆகவே செலவு 342,000. ஆவணி, புரட்டாதி வெயிலில் ஐந்து கிணறுகள் இறைக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் 35,000 ஆக, மொத்தம் 175,000. ஆறாவது கிணறு இருக்கும் காணி விடுவிக்கப்படவில்லை. எனவே அந்த வேலை நடக்கவில்லை. முட்கம்பி விலை ஏறிவிட்டது. சுருள் 9,000 என்று எதிர்பார்த்தது 9,400 ஆகி, 188,000 முடிந்தது. பயிற்சி வகுப்புக்காகச் செயலாளரிடம் 60,000 ரூபா முற்பணம் கொடுக்கப்பட்டது. நிருவாகச் செலவு, வங்கிக் கட்டணமும் சேர்த்து, 38,600.

பொருளாளரின் முதற் பிரதி

கடிதம் கிடைத்த அன்றிரவே பொருளாளர் ஒரு பிரதி எழுதினார்.

பெற்றது: 850,000
விதை: 342,000
கிணறு: 210,000
முட்கம்பி: 188,000
பயிற்சி: 60,000
நிருவாகம்: 38,600
மொத்தச் செலவு: 838,600
மீதி: 11,400

கூட்டல் கழித்தலில் பிழையில்லை. ஆனால் இந்தக் கூற்றில் மூன்று பிழைகள் இருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடிக்க இரண்டு சோதனைகள் செய்ய வேண்டும். ஒன்று வங்கியோடு ஒப்பிடுவது. மற்றது அத்தாட்சிகளோடு ஒப்பிடுவது.

முதலாம் சோதனை: பணம் எங்கே இருக்கிறது?

டிசெம்பர் 31ஆம் திகதிக்குரிய வங்கிக் கூற்றை வாங்கிப் பாருங்கள். இந்தச் சங்கத்தின் வங்கிக் கூற்றில் மீதி 71,000 ரூபா என்று இருந்தது. ஆனால் இந்த 71,000 முழுவதும் சங்கத்தின் கையில் உள்ள பணம் அல்ல. முட்கம்பிக் கடைக்காரருக்கு டிசெம்பர் 28 இல் கொடுத்த 23,500 ரூபாக் காசோலையை அவர் இன்னும் வங்கியில் மாற்றவில்லை. சங்கத்தின் காசேட்டில் அது கொடுபட்டுவிட்டது. வங்கிக்குத்தான் இன்னும் தெரியாது. ஆகவே அதைக் கழிக்க வேண்டும்.

வங்கிக் கூற்றின்படி: 71,000
கழிக்க, மாற்றப்படாத காசோலை: 23,500
காசேட்டின்படி வங்கியில்: 47,500
காசுப் பெட்டியில் எண்ணிய காசு: 1,700
கையில் உள்ள மொத்தம்: 49,200

காசுப் பெட்டியை எண்ணும்போது பொருளாளர் தனியே எண்ணக்கூடாது. நிருவாக சபை உறுப்பினர் ஒருவரையும் கூட வைத்துக்கொண்டு எண்ணி, எத்தனை தாள், எத்தனை குற்றி என்று எழுதி, இருவரும் ஒப்பமிட வேண்டும். இதை 31ஆம் திகதி மாலையே செய்வது நல்லது. பத்து நாள் கழித்து எண்ணினால் அது வேறு நாளின் காசு.

இப்போது ஒப்பிடுங்கள். முதற் பிரதி சொல்லும் மீதி 11,400. கையில் இருப்பதோ 49,200. வித்தியாசம் 37,800. பணம் குறையவில்லை, கூடியிருக்கிறது. சிலர் இதைக் கண்டு ஆறுதல் அடைவார்கள். அது பிழை. கூடினாலும் குறைந்தாலும் காரணத்தைக் காணாமல் விடக்கூடாது.

காரணம் தேடியபோது இரண்டு விடயங்கள் வெளிவந்தன. ஆறாவது கிணற்றுக்கு 35,000 ரூபாவுக்கான உறுதிச்சீட்டைப் பொருளாளர் முன்கூட்டியே எழுதிக் கோவையில் வைத்திருந்தார். காணி எப்படியும் விடுபடும் என்று நம்பியிருந்தார். கூற்று எழுதும்போது உறுதிச்சீட்டுகளைப் பார்த்துக் கூட்டியதால் அதுவும் சேர்ந்துவிட்டது. காசோலை எழுதப்படவில்லை, வேலையும் நடக்கவில்லை. ஆகவே அது செலவு அல்ல. இரண்டாவது, வட்டி 2,800 ரூபா. அது பெற்ற தொகையில் சேர்க்கப்படவில்லை. 35,000 உம் 2,800 உம் சேர்ந்தால் 37,800. வித்தியாசம் தீர்ந்தது.

வட்டி சங்கத்துக்குத்தானே சேரும் என்று பலர் எண்ணுகிறார்கள். கொடைநிதியில் பிறந்த வட்டியையும் அந்த நிதியோடு சேர்த்துக் காட்ட வேண்டும் என்பதே வழமை. சங்கமே அதை வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தால் மாத்திரமே விலக்கு. எதுவும் எழுதியிராவிட்டால் காட்டிவிடுங்கள்.

இரண்டாம் சோதனை: அத்தாட்சி எங்கே?

முதலாம் சோதனையோடு நின்றுவிட்டால் மூன்றாவது பிழை அகப்படாது. ஏனென்றால் அந்தப் பணம் உண்மையாகவே வங்கியைவிட்டு வெளியே போய்விட்டது. செயலாளரிடம் கொடுத்த முற்பணம்தான் அது.

காசேட்டில் "பயிற்சி, 60,000" என்று இருக்கிறது. வங்கிக் கூற்றிலும் 60,000 போயிருக்கிறது. இரண்டும் ஒத்துவருகின்றன. ஆனால் பயிற்சிக் கோவையில் உள்ள பில்களைக் கூட்டினால் 46,000 மட்டுமே வருகிறது. சாப்பாட்டுக்கு ஒரு பில், மண்டபத்துக்கு ஒரு பற்றுச்சீட்டு, வளவாளரின் போக்குவரத்துக்கு ஓர் ஒப்பமிட்ட சீட்டு, கொப்பி பேனைக்கு ஒரு பில். அவ்வளவுதான். மீதி 14,000 செயலாளரிடம் இருக்கிறது. அவர் அதை ஒளித்து வைக்கவில்லை. இன்னொரு வகுப்பு நடத்தலாம் என்று பத்திரப்படுத்தி வைத்திருந்தார். எவரும் கேட்கவுமில்லை.

முற்பணம் கொடுப்பது செலவு ஆகாது. சங்கத்தின் பணம் பெட்டியிலிருந்து ஓர் ஆளின் கைக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. அவர் பில்லோடு கணக்குக் கொடுக்கும்போதுதான், பில் உள்ள அளவுக்கு அது செலவாகிறது. ஆகவே ஒவ்வொரு தலைப்புக்கும் பில்களைத் தனித்தனியே கட்டி, காசேட்டுத் தொகையோடு ஒப்பிடுங்கள். முழு ரூபாவாக, ஒரே நாளில், ஒருவரின் பெயரில் போன தொகைகளைச் சிறப்பாகக் கவனியுங்கள். முற்பணம் பெரும்பாலும் அப்படித்தான் தோற்றமளிக்கும்.

திருத்திய கூற்று

மூன்று பிழைகளையும் திருத்தியபின் கூற்று பின்வருமாறு அமையும். ஒவ்வொரு தலைப்புக்கும் நேரே அனுமதித்த தொகை, செலவு, வித்தியாசம் என்பவற்றை எழுத வேண்டும்.

நிதிப் பயன்பாட்டுக் கூற்று
காலம்: 2024 யூலை 1 முதல் 2024 டிசெம்பர் 31 வரை

அ. பெற்றவை
முதலாம் தவணை: 510,000
இரண்டாம் தவணை: 340,000
வங்கி வட்டி: 2,800
மொத்தம்: 852,800

ஆ. செலவுகள்
விதைக் கச்சான்: அனுமதி 360,000, செலவு 342,000, மீதி 18,000
கிணறு: அனுமதி 210,000, செலவு 175,000, மீதி 35,000
முட்கம்பி: அனுமதி 180,000, செலவு 188,000, மேலதிகம் 8,000
பயிற்சி: அனுமதி 60,000, செலவு 46,000, மீதி 14,000
நிருவாகம்: அனுமதி 40,000, செலவு 38,600, மீதி 1,400
மொத்தச் செலவு: 789,600

இ. செலவழியாத மீதி (அ – ஆ): 63,200

ஈ. மீதி இருக்கும் இடம்
வங்கியில், காசேட்டின்படி: 47,500
காசுப் பெட்டியில்: 1,700
செயலாளரிடம் தீர்க்கப்படாத முற்பணம்: 14,000
மொத்தம்: 63,200

'இ' யும் 'ஈ' யும் ஒன்றாக இருக்கின்றன. கூற்று சரியென்பதற்கு இதுவே அடையாளம். இன்னொரு விதமாகவும் சரிபார்க்கலாம். தலைப்புகளில் மிஞ்சியவற்றைக் கூட்டி, மேலதிகமாகச் செலவான 8,000 ஐக் கழித்தால் 60,400 வரும். அதனோடு வட்டி 2,800 ஐக் கூட்டினால் மீண்டும் 63,200.

பொருளாளரின் முதற் பிரதியில் மீதி 11,400 என்று இருந்ததை நினைத்துப் பாருங்கள். அதை அப்படியே அனுப்பியிருந்தால் 51,800 ரூபா கணக்கில் இல்லாத பணமாகிவிடும். எவரும் திருடவில்லை. ஆனாலும் கணக்காய்வாளர் வந்து வங்கிக் கூற்றைப் பார்க்கும் நாளில், அது திருட்டுப் போலவே தோன்றும்.

'ஈ' பகுதியைப் பல நிறுவனங்களின் படிவங்களில் காணமுடியாது. படிவத்தில் இல்லாவிட்டாலும் தனித் தாளில் எழுதி இணைத்துவிடுங்கள். செயலாளர் 14,000 ரூபாவை ஜனவரி 6 இல் வங்கியில் வைப்பிலிட்டார் என்றால், அதையும் அடியில் ஒரு வரியாகக் குறித்து, வைப்புச் சீட்டின் பிரதியை இணையுங்கள். டிசெம்பர் 31 இல் அந்தப் பணம் வங்கியில் இருந்ததாக மட்டும் எழுத வேண்டாம். அன்று அது அங்கே இல்லை.

மேலதிகமாகச் செலவான 8,000

முட்கம்பிக்கு அனுமதித்ததைவிட 8,000 கூடப் போயிருக்கிறது. விதையில் மிஞ்சியிருக்கிறதே, ஒன்றுக்கொன்று சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். ஒரு தலைப்பில் நூற்றுக்கு இத்தனை வீதம் வரை முன் அனுமதியின்றிக் கூடலாம் என்று ஒரு வாசகம் இருக்கக்கூடும். நமது எடுத்துக்காட்டில் அது நூற்றுக்குப் பத்து வீதம். 180,000 இல் பத்து வீதம் 18,000. எனவே 8,000 அதற்குள் அடங்குகிறது. விலையேற்றத்தைக் காட்டும் கடை விலைப்பட்டியலை இணைத்தால் போதும்.

அப்படியொரு வாசகம் இல்லை, அனுமதியும் கேட்கவில்லை என்றால் நிலைமை வேறு. அந்த 8,000 ஐச் செலவாக ஏற்க நிறுவனம் மறுக்கலாம். மறுத்தால் திருப்பிக் கொடுக்கவேண்டிய தொகை 63,200 அல்ல, 71,200. அந்த 8,000 ஐச் சங்கம் தன் சந்தாப் பணத்திலிருந்து போட வேண்டிவரும். ஆகவே விலை ஏறியது தெரிந்த அன்றே ஒரு கடிதம் எழுதி அனுமதி கேட்பதுதான் வழி. வாங்கிய பிறகு எழுதும் கடிதத்துக்கு அந்தப் பெறுமதி இல்லை.

ஆறாவது கிணற்றுக்கும் இதே விதிதான். காணி விடுபட இன்னும் மூன்று மாதம் ஆகலாம் என்று தோன்றினால், டிசெம்பர் 31க்கு முன்பே காலநீடிப்புக் கேட்டு எழுதியிருக்க வேண்டும். அனுமதி எழுத்தில் வந்தால் 35,000 ஐ வைத்துக்கொண்டு அந்தக் கிணற்றை இறைக்கலாம். உத்தியோகத்தர் தொலைபேசியில் "பார்ப்போம்" என்று சொன்னது அனுமதி ஆகாது.

கூட்டத்தில் எழும் கேள்வி

கூற்றை நிருவாக சபையில் வாசிக்கும்போது ஒரு கேள்வி வராமல் இருக்காது. நமது சங்கத்திலும் ஒரு தாயார் எழுந்து கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"தம்பி, அறுபத்து மூவாயிரம் எண்டால் சின்னக் காசே? வேலி இல்லாத ஆக்கள் இன்னும் இருக்கினம். மாடு வந்து கச்சானை மேயுது. உந்தக் காசுக்கும் கம்பி வாங்கிப் போட்டால் ஆர் கேக்கப் போகினம்?"

இந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. தேவை உண்மையானது. ஆனால் பொருளாளர் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று பாருங்கள். காலம் டிசெம்பர் 31 உடன் முடிந்துவிட்டது. ஜனவரியில் கம்பி வாங்கினால், கடைக்காரரிடம் டிசெம்பர் திகதியிட்டுப் பில் கேட்க வேண்டும். கடைக்காரர் தெரிந்தவர் என்றால் எழுதித் தருவார். ஆனால் அவரது பில் புத்தகத்தில் இலக்கங்கள் வரிசையாகவே ஓடுகின்றன. டிசெம்பர் 28 இல் கொடுத்த பில்லின் இலக்கம் 412, டிசெம்பர் 30 என்று எழுதிய பில்லின் இலக்கம் 447 என்றால், இடையில் இரண்டே நாளில் 34 பில் வெட்டுப்பட்டனவா என்று கணக்காய்வாளர் கேட்பார். காசோலை எந்த நாளில் வங்கியைக் கடந்தது என்று பார்ப்பார். பொருட்பதிவேட்டில் கம்பி எப்போது வந்தது, யார் ஒப்பமிட்டுப் பெற்றார் என்று பார்ப்பார். ஒரு பொய்த் திகதியை மூன்று புத்தகத்திலும் ஒரேமாதிரி எழுத முடியாது.

அப்போது 63,200 ரூபாவுக்கு மட்டும் சந்தேகம் வராது. சரியாக வாங்கிய விதைக்கும் சரியாக இறைத்த கிணற்றுக்கும் சேர்த்தே வரும். அடுத்த கொடைநிதிக்கான விண்ணப்பமும் அந்தக் கோவையோடுதான் போய்ச்சேரும்.

பொருளாளர் சொல்லக்கூடிய மறுமொழி இதுதான்: "அம்மா, எங்களுக்குக் கம்பி தேவை எண்டது உண்மை. அதை எழுதிக் கேப்பம். கூற்றோடையே ஒரு கடிதம் வைப்பம். இந்த மீதியை இன்னும் ஏழு சுருள் கம்பிக்குப் பாவிக்க அனுமதி தாருங்கோ எண்டு. தந்தால் வாங்குவம். தராட்டில் திருப்பிக் குடுப்பம்."

ஏழு சுருள் 9,400 ஆக 65,800 வரும். ஆறு சுருள் 56,400. ஆகவே ஆறு சுருள்தான் அடங்கும் என்று ஒரு பிள்ளை கணக்குப் பார்த்துத் திருத்துகிறாள். கடிதத்தில் ஆறு என்றே எழுதுகிறார்கள்.

சில சங்கங்கள் மீதியை அங்கத்தவருக்குக் கடனாகக் கொடுத்துவிடுகின்றன. அறுவடை முடிந்ததும் வந்துவிடும் என்று எண்ணுகிறார்கள். கடனும் செலவு அல்ல. கூற்றில் அதை மறைக்கவும் முடியாது, திருப்பிக் கொடுக்கும் நாளில் அந்தப் பணம் கையிலும் இராது. ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், யாருக்கு, எவ்வளவு, எந்த நாளில் என்று 'ஈ' பகுதியில் அப்படியே எழுதி, அறவிடும் திகதியையும் குறிப்பிடுங்கள். சொல்வதற்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் அவர்கள் கண்டுபிடித்துக் கேட்பதைவிட நீங்களே சொல்வது எவ்வளவோ மேல்.

பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் விதம்

அனுமதி கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். 63,200 ரூபாவைத் திருப்ப வேண்டும். முதலில் காசுப் பெட்டியில் உள்ள 1,700 ஐயும் வங்கியில் இடுங்கள். செயலாளரின் 14,000 உம் வந்துவிட்டது. முட்கம்பிக் கடைக்காரர் இன்னும் தன் காசோலையை மாற்றவில்லை என்றால், வங்கியில் இப்போது 86,700 இருக்கும்.

இந்த 86,700 முழுவதையும் அனுப்பிவிடக்கூடாது. 63,200 மட்டும் அனுப்புங்கள். மிஞ்சும் 23,500 கடைக்காரரின் காசோலைக்குரியது. அதை விட்டுவைக்காவிட்டால் காசோலை திரும்பிவிடும். அந்தக் காசோலை மாறிய பின்பே கணக்கை மூடலாம்.

பணத்தைக் காசாகக் கையில் கொடுக்க வேண்டாம். நிறுவனத்தின் பெயருக்குக் குறுக்குக் கோடிட்ட காசோலை எழுதுங்கள், அல்லது அவர்கள் எழுத்தில் தந்த வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். உத்தியோகத்தர் ஒருவரின் சொந்தப் பெயருக்கு ஒருபோதும் எழுத வேண்டாம். வங்கி அறவிடும் அனுப்பும் கட்டணத்தை மீதியிலிருந்து கழிக்கலாமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அனுப்பியபின் அவர்களது பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பற்றுச்சீட்டு கோவையில் வந்து சேரும் வரைக்கும் இந்த நிதியின் கணக்கு முடிந்ததாகக் கொள்ள வேண்டாம்.

கூற்றின் அடியில் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் ஒப்பமிட வேண்டும். நிருவாக சபை அதை ஏற்றுக்கொண்ட கூட்டத்தின் திகதியையும் எழுதுங்கள். கணக்காய்வாளரின் சான்றும் வேண்டுமா என்பதை ஒப்பந்தம் சொல்லும்.

பில் இல்லாதபோது

எல்லாச் செலவுக்கும் கடைப் பில் கிடைக்காது. கிணறு இறைத்த கூலியாட்களிடம் பில் புத்தகம் இல்லை. அவர்களுக்குக் கூலிப் பட்டியல் ஒன்று எழுதுங்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், வேலை செய்த நாட்கள், நாட்கூலி, மொத்தம், ஒப்பம் அல்லது பெருவிரல் அடையாளம் என்பன அதில் இருக்க வேண்டும். பட்டியலைப் பணம் கொடுக்கும் இடத்திலேயே நிரப்ப வேண்டும். மாத முடிவில் ஒரே பேனையால், ஒரே கையெழுத்தில் நிரப்பிய பட்டியலைப் பார்த்தவுடனேயே இனங்காணலாம்.

இடம்பெயர்ந்தவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. வெள்ளத்திலோ ஓட்டத்திலோ கோவை தொலைந்துபோகும். அப்படியானால் முதலில் வங்கியிடம் கூற்றின் பிரதியைக் கேளுங்கள். அதிலிருந்து காசேட்டின் பெரும் பகுதியை மீண்டும் எழுதலாம். பிறகு கடைகளிடம் பில்லின் பிரதியைக் கேட்டு, "பிரதி" என்று எழுதுவித்துப் பெறுங்கள். எதுவும் கிடைக்காத செலவுகளைத் தனிப் பட்டியலில் எழுதி, தொலைந்த விதத்தையும் குறித்து, நிருவாக சபையில் ஏற்றுக்கொண்டு, அப்படியே நிறுவனத்துக்கு அறிவியுங்கள். அவர்கள் ஏற்கலாம், ஏற்காமலும் விடலாம். ஆனால் தொலைந்த பில்லுக்குப் பதிலாகப் புதிதாக ஒரு பில்லை எழுதிக்கொள்வது கூடாது.

இன்று பலரிடம் கைத்தொலைபேசி இருக்கிறது. ஒவ்வொரு பில்லையும், காசேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் மாதம் ஒருமுறை படம் எடுத்து, சங்கத்தில் இருவரிடம் வைத்திருங்கள். கோவையைப் பிளாஸ்ரிக் உறையில் இட்டு, அடையாள அட்டையும் காணி உறுதியும் இருக்கும் பையிலேயே வையுங்கள். அவசரத்தில் கைக்கு எட்டுவது அந்தப் பைதான்.

பயிற்சி

ஒரு மாதர் சங்கத்துக்குக் கோழி வளர்ப்புக்காக 200,000 ரூபா கிடைத்தது. வட்டி 900. கையில் உள்ள பில்களின் மொத்தம் 171,400. இணைப்பாளருக்குக் கொடுத்த முற்பணம் 20,000. அதில் 13,000 ரூபாவுக்கு அவர் பில் தந்துவிட்டார். அந்த 13,000 உம் மேற்சொன்ன 171,400 இல் சேர்ந்துள்ளது. திருப்பிக் கொடுக்கவேண்டிய மீதி எவ்வளவு? வங்கியிலும் காசுப் பெட்டியிலும் சேர்த்து எவ்வளவு இருக்க வேண்டும்?

விடை: பெற்றது 200,900. செலவு 171,400. திருப்பவேண்டிய மீதி 29,500. இணைப்பாளரிடம் இன்னும் 7,000 இருக்கிறது. ஆகவே வங்கியிலும் பெட்டியிலும் 22,500 இருக்க வேண்டும். எண்ணிப் பார்க்கும்போது 22,500 இல்லை என்றால், கூற்றில் ஒப்பமிடாமல் காசேட்டை மீண்டும் முதற் பக்கத்திலிருந்து பாருங்கள்.